மூலையில் கழிப்பதும் மூலையில் கூட்டுவதும்

வீட்டின் மூலைக்குக் கான்கிரீட்டில் ஒரு கணக்கு, கம்பியில் அதற்கு நேரெதிரான கணக்கு. இரண்டு சுவர்கள் சந்திக்கும் சதுரத்தை இரண்டு சுவர்களிலும் எண்ணிவிட்டால் கான்கிரீட் இருமடங்காகக் கணக்கேறும். ஒன்றைக் கழிக்க வேண்டும். கம்பிக்கோ அதே சதுரத்தில் இரண்டு சுவர்களின் கம்பிகளும் உண்மையாகவே இருக்கின்றன. அங்கே நின்றுவிடாமல் மறுபக்கச் சுவருக்குள் மடங்கியும் ஓடுகின்றன. அதனால் கூட்ட வேண்டும். பிளிந்த் பீமுக்குப் பொருள் கணக்கிடும்போது நேரும் பெரும்பாலான தவறுகள், இந்த இரண்டையும் ஒரே நீளத்தை வைத்துப் பெருக்கிவிடுவதால் வருபவை.

பேஸ்மென்ட் சுவரின் தலையில், வீட்டின் தரைக்கு அடியில், வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஓடும் கான்கிரீட் வளையமே பிளிந்த் பீம். அஸ்திவாரத்தின் அடியில் மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு மூலையில் பழைய குழியை மூடிய மண் இருக்கலாம். இன்னொரு பக்கம் கழிவுநீர் ஊறிக்கொண்டிருக்கலாம். அந்த இடம் அரை அங்குலம் இறங்கினாலும் மேலே உள்ள செங்கல் சுவர் பிளக்கும். பீம் அந்த இறக்கத்தைப் பக்கத்துச் சுவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. நடுவில் மண் இறங்கினால் பீமின் அடிப்பக்கம் இழுபடும். ஓரத்தில் இறங்கினால் மேல்பக்கம் இழுபடும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று சமமாக நான்கு கம்பிகள் வைக்கிறார்கள்.

நிலநடுக்கத்துக்கும் இந்த வளையம் உதவுகிறது. செங்கல், கல் வீடுகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4326, கான்கிரீட் பட்டைகளைப் பிளிந்த், லிண்டல், கூரை என்று வெவ்வேறு மட்டங்களில் கேட்கிறது. அவற்றில் லிண்டல் மட்டத்துப் பட்டைதான் அதிக வேலை செய்வது. பிளிந்த் மட்டத்துப் பட்டையை, மண் மென்மையாகவோ சீரற்றோ இருக்கும் இடங்களுக்காகவே விதி முதன்மையாகச் சொல்கிறது. எந்த மட்டமானாலும் நிபந்தனை ஒன்றுதான்: பட்டை மூலையில் அறுபடக் கூடாது. அறுபட்டால் அது வளையமல்ல, நான்கு தனித்தனிக் கட்டைகள்.

கணக்குக்கு ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வெளிப்புற அளவு 9.23 மீட்டருக்கு 7.23 மீட்டர், ஏறக்குறைய 30 அடிக்கு 24 அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. 9 அங்குலச் சுவர். பீமும் அதே 230 மில்லிமீட்டர் அகலம், 300 மில்லிமீட்டர் உயரம். இடப்பக்கம் ஹால். அதன் வலப்புறத்தில் முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை ஒரு குறுக்குச் சுவர். அந்தக் குறுக்குச் சுவரிலிருந்து வலப்பக்க வெளிச்சுவருக்கு இன்னொரு சிறு சுவர் போய், மீதி இடத்தைப் படுக்கையறை, சமையலறை என்று பிரிக்கிறது. தூண்கள் இல்லை, சுவர்களே பாரம் தாங்குகின்றன. ஆக, வெளியே நான்கு மூலைகள், உள்சுவர்கள் வந்து முட்டும் நான்கு சந்திப்புகள்.

முதலில் கான்கிரீட். சுவரின் நடுக்கோட்டை அளப்பதே பழகிய வழி. 230 மி.மீ. அகலத்தில் இருபுறமும் பாதிப் பாதி போக, வெளிச்சுற்றின் நடுக்கோடு 9 மீட்டருக்கு 7 மீட்டர். சுற்று நீளம் 32 மீட்டர். இதில் மூலைகளுக்காக எதையும் கழிக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இது பலருக்கும் சந்தேகம் தரும் இடம். நடுக்கோட்டுக்கு வெளியே இருக்கும் பாதிப் பட்டை மூலையைச் சுற்றும்போது சற்று நீளமாகிறது. உள்ளே இருக்கும் பாதி அதே அளவு குறுகுகிறது. இரண்டும் சரிக்குச் சரி. நம்பிக்கை வராதவர்கள் வேறு வழியில் சரிபார்க்கலாம்: நீளச் சுவர்கள் இரண்டையும் வெளியிலிருந்து வெளி வரை, குறுஞ்சுவர்கள் இரண்டையும் உள்ளிருந்து உள் வரை அளந்தால் 18.46 மீட்டரும் 13.54 மீட்டரும் வரும். கூட்டினால் அதே 32.

உள்சுவர் வந்து முட்டும் சந்திப்பில் நிலைமை வேறு. குறுக்குச் சுவரின் நடுக்கோடு முன்சுவரின் நடுக்கோடு வரை போகிறது. ஆனால் முன்சுவரின் அகலத்தில் உட்பாதி ஏற்கெனவே சுற்றுக் கணக்கில் வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு சந்திப்புக்கும் அரைச்சுவர் அகலம், அதாவது 11.5 சென்டிமீட்டர் கழிக்க வேண்டும். குறுக்குச் சுவர் 7 மீட்டர், சிறு சுவர் 4 மீட்டர், சுற்று 32 மீட்டர், மொத்தம் 43. நான்கு சந்திப்புகளுக்கு 46 சென்டிமீட்டர் போனால் 42.54 மீட்டர்.

இதை 0.23-ஆலும் 0.30-ஆலும் பெருக்கினால் 2.94 கன மீட்டர். யாராவது எல்லாச் சுவரையும் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரை டேப் பிடித்திருந்தால் நீளம் 44.38 என்று வந்திருக்கும். கூடுதல் 1.84 மீட்டர், கான்கிரீட்டில் சுமார் 0.13 கன மீட்டர், ஒரு மூட்டை சிமெண்ட்டை ஒட்டிய அளவு. பெரிய இழப்பில்லை. உள்முகங்களை மட்டும் அளந்தவர் நிலைமைதான் மோசம். சுற்றில் மட்டும் 92 சென்டிமீட்டர் குறைந்துபோய், கடைசி மூலையில் கலவை போதாமல் வேலை நிற்கும்.

எம்20 கலவையை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று கன அளவில் போடுகிறார்கள். ஜல்லியின் இடைவெளியை மணலும், மணலின் இடைவெளியைச் சிமெண்ட்டும் நிரப்புவதால் கலந்து இறுகியபின் கன அளவு சுருங்கும். அதற்காக உலர்ந்த பொருளை 1.54 மடங்காகக் கணக்கிடுவது வழக்கம். 2.94-க்கு 4.52 கன மீட்டர். இதை ஐந்தரைப் பங்காக்கினால் ஒரு பங்கு 0.82 கன மீட்டர் சிமெண்ட். எடையில் சுமார் 1,185 கிலோ, அதாவது 24 மூட்டை. எம்-சாண்ட் 44 கன அடி, முக்கால் ஜல்லி 87 கன அடி. சிந்துவது, பலகை இடுக்கில் வழிவது எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 25 மூட்டை, 46 கன அடி, 92 கன அடி. உள்ளே உட்காரும் கம்பியின் கன அளவு முப்பத்தைந்து லிட்டர்தான். அதைக் கழிக்கும் வழக்கமில்லை.

தண்ணீருக்கு ஐ.எஸ். 456 வைக்கும் எல்லை, இந்தக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் இதில் அடங்கும். பீம் ஈர மண்ணோடு ஒட்டியே இருக்கும் இடங்களில் அந்த விதி எம்25-ஐயும், கடற்கரையோரம் அதற்கும் மேலான தரத்தையும் கேட்கிறது. அவற்றைப் பெட்டிக் கணக்கில் போட முடியாது; கலவையைத் தனியாக வடிவமைத்து வாங்க வேண்டும்.

இனி கம்பி. நான்கு 12 மி.மீ. கம்பிகள், 8 மி.மீ. ரிங் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று. பலர் செய்யும் கணக்கு இப்படி இருக்கும்: பீம் 42.54 மீட்டர், நான்கால் பெருக்கினால் 170 மீட்டர், மீட்டருக்கு 0.889 கிலோ வீதம் 151 கிலோ. (அந்த 0.889, விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து வருவது. இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதிலிருந்து நேராகக் கிடைக்கும் எண் அது.) பெருக்கலில் பிழையில்லை. ஆனால் இந்தக் கம்பிகளை அப்படியே வெட்டிப் போட்டால் ஒவ்வொரு மூலையிலும் வளையம் அறுந்திருக்கும்.

கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொள்வது, கம்பியின் மேற்பரப்பு முழுவதும் உள்ள பற்றினால். இழுவிசை முழுவதையும் அந்தப் பற்று ஏற்க வேண்டுமானால் கம்பி போதிய நீளம் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஐ.எஸ். 456-இன்படி எம்20 கான்கிரீட்டில் 500 தரக் கம்பிக்கு அந்த நீளம் விட்டத்தைப் போல் 57 மடங்கு. 12 மி.மீ. கம்பிக்கு 680 மி.மீ. வேலை நடக்கும் இடங்களில் '50டி' என்று ஒரு வாய்ப்பாடு ஓடுகிறது. பழைய 415 தரக் கம்பி எம்20-இல் 47 மடங்குதான் கேட்டது. அதற்கு 50 தாராளம். இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 500 அல்லது 550. அவற்றுக்கு எம்20-இல் 50டி போதாது. இந்த வீட்டுக்கு லேப் 700 மி.மீ. என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, மூலையில் எந்தக் கம்பியை எப்படி மடக்குவது? பீமின் நான்கு கம்பிகளில் இரண்டு வெளிமுகத்தை ஒட்டியும் இரண்டு உள்முகத்தை ஒட்டியும் ஓடுகின்றன. வெளிப்பக்கக் கம்பி சிக்கலில்லாதது. மூலையைச் சுற்றி மடங்கி அடுத்த சுவருக்குள் போய் அங்குள்ள வெளிக் கம்பியோடு லேப் ஆனால் போதும். இழுபடும்போது அது மூலைக் கான்கிரீட்டை உள்நோக்கித்தான் அழுத்தும்.

உட்பக்கக் கம்பியை அதே போல உள்மூலையை ஒட்டி மடக்கினால் கதை மாறிவிடுகிறது. இரண்டு சுவர்களும் விலக முயலும்போது அந்தக் கம்பியின் இரு கைகளும் இழுபடும். இழுபடும் எந்த வளைவும் நேராகப் பார்க்கும். ஒரு 12 மி.மீ. கம்பி வடிவமைப்பு வரம்பில் ஏறக்குறைய 5 டன் இழுவிசை தாங்கும். செங்கோணத்தில் இரண்டு 5 டன் சேர்ந்தால் மூலையின் குறுக்கே அறையை நோக்கி 7 டன். அதைத் தடுக்க அங்கே இருப்பது 3 சென்டிமீட்டர் கவர் கான்கிரீட் மட்டுமே. அது பெயர்ந்து விழும், கம்பி நேராகும், வளையம் திறந்துகொள்ளும். ஆகவே உட்பக்கக் கம்பி உள்மூலையில் திரும்பக் கூடாது. சந்திப்புச் சதுரத்தை நேராகக் கடந்து, எதிர்ச்சுவரின் வெளிமுகம் வரை போய், அங்கே மடங்க வேண்டும். உள்சுவர் முட்டும் சந்திப்பிலும் இதே முறைதான்: நான்கு கம்பிகளும் எதிர்ச்சுவரின் தூர முகம் வரை போய், இரண்டு இடப்பக்கமும் இரண்டு வலப்பக்கமும் மடங்க வேண்டும்.

இந்த மடக்கின் கால் எவ்வளவு நீளம் வேண்டும்? உட்பக்கக் கம்பி உள்முகத்தைக் கடந்ததிலிருந்து தூர முகம் வரை 190 மி.மீ. நேராகப் போகிறது. 90 பாகை மடக்குக்கு விதி தரும் மதிப்பு எட்டு விட்டம், 96 மி.மீ. தேவை 680. மீதி 394, 400 மி.மீ. கால் வைத்தால் சரியாகிறது. வெளிக் கம்பி லேப் ஆக வேண்டும் என்பதால் அதற்கு நீளமான கால், முக்கால் மீட்டர். நீளச் சுவர்களின் வெளிக் கம்பிகளை மட்டும் இரு முனையிலும் இப்படி மடக்கினால், குறுஞ்சுவர்களின் வெளிக் கம்பிகளை மடக்காமல் நேராகவே வைத்து லேப் செய்துவிடலாம். இரண்டையும் மடக்கி இரட்டை லேப் போடுவோரும் உண்டு. அது வீண்செலவு, மூலையில் நெரிசல் வேறு.

கம்பியின் முனைக்குக் கவரும் ரிங்கும் சேர்த்து இருபுறமும் 4 சென்டிமீட்டர் விட்டால், இந்த வீட்டுக்கு வெட்டும் நீளங்கள் இப்படி வருகின்றன. நீளச் சுவர் வெளிக் கம்பி 9.15 மீட்டரோடு இரண்டு முக்கால் மீட்டர் சேர்ந்து 10.65, நான்கு கம்பிகள். அதே சுவரின் உள்கம்பி 9.95, நான்கு. குறுஞ்சுவரின் வெளிக் கம்பி 7.15, நான்கு. அதன் உள்கம்பி இரண்டு கால்களோடு 7.95, நான்கு. நடுக் குறுக்குச் சுவருக்கும் 7.95, நான்கு. சிறு சுவருக்கு 4.95, நான்கு. கூட்டினால் 194.4 மீட்டர். பெருக்கிப் போட்ட கணக்கைவிட 24 மீட்டர் கூடுதல். இவ்வளவும் மூலைகளிலும் சந்திப்புகளிலும் மட்டுமே போவது.

ஆனால் கடையில் 194 மீட்டர் கம்பி என்று விற்பதில்லை. 12 மீட்டர் முழுக் கம்பியாக விற்கிறார்கள். துண்டுகளை யோசிக்காமல் வெட்டினால், சிறு சுவருக்கு ஒரு கம்பியில் இரண்டு துண்டு, மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுக் கம்பி என்று 22 கம்பிகள், 264 மீட்டர் ஆகும். வாங்கியதில் கால்பங்குக்கு மேல் துண்டாகக் கிடக்கும். நல்ல கம்பி வேலைக்காரர் இந்த இடத்தில்தான் தெரிவார். குறுஞ்சுவரின் வெளிக் கம்பி வெட்டியபின் 4.85 மீட்டர் துண்டு மிஞ்சுகிறது. அதன் உள்கம்பி வெட்டியபின் 4.05 மீட்டர். இந்த இரண்டையும் 70 சென்டிமீட்டர் லேப் விட்டுச் சேர்த்தால் 8.20 மீட்டர். குறுக்குச் சுவருக்கு வேண்டியது 7.95. அதாவது குறுக்குச் சுவரின் நான்கு கம்பிகளையும் துண்டுகளிலிருந்தே எடுத்துவிடலாம். நான்கு முழுக் கம்பிகள் மிச்சம்.

ஒரு நிபந்தனை உண்டு. நான்கு லேப்பும் ஒரே இடத்தில் வரக்கூடாது. ஒரு வெட்டுமுகத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் லேப் ஆகக்கூடாது, அடுத்தடுத்த லேப்களின் மையங்கள் லேப் நீளத்தைப் போல் 1.3 மடங்காவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. 70 சென்டிமீட்டர் லேப்புக்கு 91 சென்டிமீட்டர். குறுக்குச் சுவரில் இரண்டு கம்பிகளுக்கு நீளத் துண்டை முன்சுவர்ப் பக்கமும், மற்ற இரண்டுக்குப் பின்சுவர்ப் பக்கமும் வைத்தால் லேப்கள் இரண்டு இடங்களாகப் பிரிகின்றன. மிகுதியான 25 சென்டிமீட்டரை எந்தத் துண்டில் வெட்டுவது என்பதும் முக்கியம். நீளத் துண்டில் வெட்டினால் இரண்டு லேப் மையங்களுக்கும் இடையே 55 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். குட்டைத் துண்டில் வெட்டினால் 1.05 மீட்டர் கிடைக்கிறது, விதிக்குள் வந்துவிடுகிறது. அதே கம்பி, அதே நீளம். வெட்டும் முனை மட்டும் வேறு.

இன்னொரு இடத்தில் சபலம் காத்திருக்கிறது. குறுஞ்சுவரில் மிஞ்சும் அந்த 4.85 மீட்டர் துண்டையும் சிறு சுவருக்கு வேண்டிய 4.95 மீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்தே சென்டிமீட்டர் குறை. மடக்கும்போது கம்பி நீளும் என்பதால் மடக்குக்கு இரண்டு விட்டம் கழிப்பது வழக்கம். அதைக் கழித்தாலும் ஐந்து சென்டிமீட்டர் குறைகிறது. 'இதுக்கென்ன, காலைக் கொஞ்சம் குறைச்சு மடக்கிக்கலாம்' என்று தோன்றும். ஒரு முனையில் ஐந்து, அடுத்த சுவரில் பத்து, பிறகு கால் என்பதே ஒரு சாண் என்று பழக்கமாகிவிடும். 40 சென்டிமீட்டர் கால் 15 சென்டிமீட்டராகக் குறைந்து நிற்கும் சந்திப்புகள் இப்படித்தான் உருவாகின்றன. சிறு சுவருக்கு இரண்டு முழுக் கம்பிகளைத் தனியாக ஒதுக்கி, ஒன்றுக்கு இரண்டு துண்டாக வெட்டுவதே சரி.

லேப்புக்கு 2.8 மீட்டர் சேர, உள்ளே போகும் 12 மி.மீ. கம்பி 197.2 மீட்டர், 175 கிலோ. பெருக்கிப் போட்ட 151 கிலோவைவிட 24 கிலோ, 16 சதவீதம் அதிகம். வாங்க வேண்டியது 18 கம்பிகள், 192 கிலோ. ஒரு கட்டில் ஐந்து கம்பி வீதம் மூன்று கட்டும் மூன்று கம்பியும். மிஞ்சும் துண்டுகளில் இரண்டு மீட்டருக்கு மேற்பட்டவை ஆறு இருக்கும். அவை ஜன்னல் லிண்டலுக்கு ஆகும். பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டியதில்லை.

ரிங் கணக்கு எளிது. 230-க்கு 300 பீமில் எல்லாப் பக்கமும் 30 மி.மீ. கவர் விட்டால் ரிங் 170-க்கு 240. சுற்று 820 மி.மீ.; கொக்கிகளைக் கூட்டி மடக்குகளைக் கழித்தால் 884. வெட்டும் நீளம் 90 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு கம்பியில் 13 ரிங் கிடைக்கும். கொக்கி 135 பாகை உள்நோக்கி மடங்கி, மடக்குக்கு அப்பால் 65 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பீமிலும் சுவர்முகத்திலிருந்து 5 சென்டிமீட்டரில் முதல் ரிங் என்று தொடங்கினால் நீளச் சுவருக்கு 59, குறுஞ்சுவருக்கும் குறுக்குச் சுவருக்கும் 46, சிறு சுவருக்கு 26. மொத்தம் 282. அதற்கு 22 கம்பிகள், 104 கிலோ. கட்டுக்கம்பி 3 கிலோ போதும்.

இரண்டையும் சேர்த்தால் பீமுக்குள் இருக்கும் கம்பி 275 கிலோ. கான்கிரீட் கன மீட்டருக்கு 94 கிலோ. இந்த எண்ணை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். இதே அளவு பீம், இதே கம்பி, இதே இடைவெளி உள்ள சிறு வீட்டுக்கு யாரேனும் கன மீட்டருக்கு 85 கிலோ என்று பட்டியல் தந்தால் அவர் மூலைகளை விட்டுவிட்டார் என்று அர்த்தம். 115 என்று தந்தால் துண்டுகளை யோசிக்காமல் முழுக் கம்பியாகப் பெருக்கியிருக்கிறார். தூண் வைத்துக் கட்டும் வீட்டுக்கு இந்த எண் பொருந்தாது. அங்கே பீம் கம்பிகள் தூணுக்குள் போய் நங்கூரமிடுகின்றன, கான்கிரீட்டில் தூணின் பங்கைக் கழிக்க வேண்டும், மடக்கின் நீளமும் வேறு.

கம்பி கட்டி முடித்தபின் மூலையில் ஒரு நடைமுறைச் சிக்கல் தெரியவரும். இரண்டு திசைக் கம்பிகளும் ஒரே மட்டத்தில் குறுக்கிட முடியாது. ஒன்று மற்றதன்மேல் ஏற வேண்டும். குறுஞ்சுவர்க் கம்பிகள் நீளச் சுவர்க் கம்பிகளின்மேல் 12 மி.மீ. உயர்ந்து உட்காரும். மேல் கம்பியிலும் அப்படியே நடந்தால் மேல்கவர் 12 மி.மீ. குறைந்துபோகும். முன்பே யோசித்துக் குறுஞ்சுவர் ரிங்கை அதைப் போல் இரு மடங்கு உயரம் குறைத்து வளைத்து, அதன் மேல் கம்பிகளை நீளச் சுவரின் மேல் கம்பிகளுக்கு அடியில் விட்டால் தீர்ந்துவிடும். யோசிக்காவிட்டால் மேஸ்திரி கம்பியை மிதித்து அழுத்துவார், கீழே கவர் பிளாக் நசுங்கும்.

உள்சுவர்ச் சந்திப்பில் இன்னும் நெரிசல். நேராக ஓடும் நான்கு, வந்து மடங்கும் நான்கு, அவற்றுக்கிடையே ரிங்குகள். முக்கால் ஜல்லி அங்கே சிக்கிக்கொண்டு கலவையின் பால் மட்டும் கீழே இறங்கினால், பலகை பிரிக்கும்போது தேன்கூடு போல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். வைப்ரேட்டர் ஊசியை முதலில் இறக்க வேண்டியது இத்தகைய சந்திப்புகளில். வைப்ரேட்டர் இல்லையென்றால் கம்பியால் மற்ற இடத்தைவிட நிதானமாகக் குத்திவிட வேண்டும். மூன்று கன மீட்டர் ஒரே நாளில் முடியும் வேலை. ஏதோ காரணத்தால் நிறுத்த நேர்ந்தாலும் மூலையில் மட்டும் நிறுத்தக் கூடாது.

ஆகவே கலவை இயந்திரம் சுழலத் தொடங்குமுன் ஒரு டேப்போடு எட்டு இடங்களையும் சுற்றி வாருங்கள். அறைக்குள் நின்று ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். உள்மூலையை ஒட்டியே வளைந்து திரும்பும் கம்பி தென்பட்டால் அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள். உள்கம்பியின் கால் 40 சென்டிமீட்டர், வெளிக் கம்பியின் கால் 75, நடு லேப் 70: இந்த மூன்றையும் அளந்து, குறைந்த இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். வெளிக் கம்பியின் கால் குறைந்த மூலையில், துண்டுகளில் ஒன்றைச் செங்கோணமாக மடக்கி, இரு கையும் முக்கால் மீட்டர் வருமாறு வெளிமுகத்தில் சேர்த்துக் கட்டினால் போதும். ஒரு மூலைக்கு மேலும் கீழுமாக இரண்டு, மூன்று மீட்டர் கம்பி, இரண்டே முக்கால் கிலோதான்.